கல்யாண மண்டபம்: வாடகை 35 ஆயிரம், பில் 76 ஆயிரம்!

கூடலூரில் கல்யாண மண்டபம் தேடி அலைகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"வாடகை எவ்வளவு?"

வம்பு தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான்.

மேனேஜர் ஒரு தொகை சொல்வார். பெண்ணைப் பெற்றவர் அதை மனதில் குறித்துக்கொள்வார். அடுத்த மண்டபத்துக்குப் போவார். அங்கே இன்னொரு தொகை. எது குறைவோ அங்கே அட்வான்ஸ் கட்டிவிட்டு, "பரவாயில்லை, மலிவாக முடிந்தது" என்று வீட்டில் போய்ச் சொல்வார்.

கல்யாணம் முடியும். சாப்பாடு முடியும். மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் வாசலில் நிற்கும். அப்போது ஒரு பையன் ஓடி வருவான்.

"அண்ணே, ஆபீஸ்ல உங்களைக் கூப்பிடுறாங்க. பில் ரெடியாம்."

பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். வாடகை ஒரு வரி. அதன் கீழே பத்து வரி. கரண்ட் தனி, ஜெனரேட்டர் தனி, கூட்டியது தனி, குப்பை தனி. சம்பந்தி நிற்கும்போது சண்டை போட முடியுமா? மொய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இதில் மண்டபக்காரர் திருடிவிட்டார் என்று சொல்ல முடியாது. பில்லில் உள்ள ஒவ்வொன்றும் உண்மையிலேயே செலவானதாக இருக்கலாம். ஆனால், அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். கேட்கிறவரும் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். வாடகையை வாடகையோடு ஒப்பிடுவது வீண். வாடகைக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். சமவெளி ஊர்களைவிடக் கூடலூரில் இது ரொம்ப முக்கியம். காரணம் மழை, காடு, ரோடு.

"ஒரு நாள்" என்றால் எத்தனை மணி?

எல்லா மண்டபத்திலும் "ஒரு நாள் வாடகை" என்பார்கள். அந்த நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

சில மண்டபங்களில் ஒரு நாள் என்றால் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. வேறு சில மண்டபங்களில் முதல் நாள் மாலை 3 மணி முதல் மறுநாள் மாலை 3 மணி வரை. முதலாவது 12 மணி நேரம். இரண்டாவது 24 மணி நேரம். வாயில் சொல்லும்போது இரண்டும் "ஒரு நாள்"தான்!

கூடலூரில் இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று யோசித்தால் புரியும். இங்கே தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து வீடு. தமிழ்க் கல்யாணம் முதல் நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். வரவேற்பு, இரவுச் சாப்பாடு, உறவுக்காரர்கள் தங்கல், விடியற்காலை முகூர்த்தம், டிபன், மதியச் சாப்பாடு என்று மண்டபம் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் கைவசம் இருக்க வேண்டும். மலையாளக் குடும்பங்களின் கல்யாணம், இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, பெரும்பாலும் பகலிலேயே முடிந்துவிடும். காலையில் கூடி, மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கலைந்துவிடுவார்கள்.

ஆகவே, காலை 6 முதல் மாலை 6 வரை என்ற கணக்கு பகல் கல்யாணத்துக்குப் பொருத்தமானது. தமிழ்க் கல்யாணத்துக்கு அதே மண்டபத்தை எடுத்தால் முதல் நாள் சாயங்காலம் தனி. அதற்கு அரை வாடகையோ முழு வாடகையோ ஏறும்.

வரவேற்பு 6 மணிக்கு என்றால் மண்டபம் 5 மணிக்குக் கிடைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதவே போதாது. சமையல்காரர் மத்தியானமே பாத்திரம் இறக்க வேண்டும். காய் நறுக்க வேண்டும். மளிகைச் சாமானை வைத்துப் பூட்ட ஸ்டோர் ரூம் சாவி வேண்டும். மேடை கட்டுகிறவருக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் வேண்டும். அன்று பகலில் அதே மண்டபத்தில் வேறொரு கல்யாணம் நடந்தால் என்ன ஆகும்? அவர்கள் கடைசிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்களுடைய சமையல்காரர் அடுப்பைப் பற்றவைக்க வழியில்லாமல் வாசலில் நிற்பார்.

"அதுக்கு முந்தி வேற விசேஷம் இருக்கா?" இந்தக் கேள்வியைத் தேதி பிடிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இருக்கிறது என்றால், சமையல் கூடத்தை மட்டுமாவது எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

காட்டு ரோடு ஒன்பது மணிக்கு மூடும்!

நேரக் கணக்கில் கூடலூருக்கே உரிய இன்னொரு சங்கடம் இருக்கிறது. மைசூர் ரோடு முதுமலை, பந்திப்பூர் காடுகள் வழியாகப் போகிறது. பந்திப்பூர் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் போகக் கூடாது என்ற தடை 2009-ம் ஆண்டு வந்தது. ஆம்புலன்ஸ், குறிப்பிட்ட சில பஸ்கள் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. காரிலும் வேனிலும் வருகிற கல்யாணக் கூட்டத்துக்கு விலக்கு கிடையாது.

மைசூர், குண்டல்பேட்டை பக்கத்து உறவுக்காரர்கள் வரவேற்புக்கு வந்துவிட்டு இரவே திரும்ப நினைத்தால், எட்டு மணிக்குள் கூடலூரை விட்டுக் கிளம்ப வேண்டும். 7 மணிக்கு வரவேற்பு தொடங்கினால் அவர்களுக்குச் சாப்பாடு கிடைக்காது. இல்லாவிட்டால் அவர்கள் மண்டபத்திலேயே தங்க வேண்டும். தங்கினால் அறை வேண்டும், போர்வை வேண்டும், காலையில் வெந்நீர் வேண்டும். ஆனியில் கூடலூர்ப் பச்சைத் தண்ணீரில் வெளியூர்க்காரர் குளிப்பாரா?

அந்தப் பக்கத்திலிருந்து பூ வருவதற்கும் இதே தடைதான். பூ ஏற்றிய வண்டி ஒன்பது மணிக்கு முன் செக்போஸ்ட்டைத் தாண்டாவிட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் காட்டுக்குள் நுழையும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு அந்தப் பூ உதவாது. பூ முதல் நாள் மாலையே வர வேண்டும், அதை இறக்கி வைக்க மண்டபம் திறந்திருக்க வேண்டும். "காலை 6 மணிக்குத்தான் சாவி" என்கிற மண்டபத்தில் விடியற்காலை முகூர்த்தம் வைப்பது நடக்காத காரியம்.

"பேக்கப் இருக்கு சார்!"

அடுத்தது கரண்ட்.

கூடலூர், தேவாலா, பந்தலூர் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் மழையும் சேர்ந்தால் மரம் சாயும். மரம் சாய்ந்தால் கம்பி அறும். மின்வாரிய ஊழியர்கள் மழையில் நனைந்துகொண்டு கிளையை வெட்டிச் சரிசெய்யும் வரை ஊர் இருட்டு.

முகூர்த்த மாதங்களைப் பாருங்கள். ஆடியில் இந்துக் கல்யாணம் கிடையாது. ஆனால் அதற்கு முந்திய ஆனியில் உண்டு, பிந்திய ஆவணியில் உண்டு. ஆனி என்றால் ஜூன் பாதி முதல் ஜூலை பாதி வரை. பருவமழை உச்சத்துக்கு ஏறுகிற நேரம்! தை மாதத்தில் கல்யாணம் வைக்கிறவருக்கு ஜெனரேட்டர் அநேகமாகத் தேவைப்படாது. ஆனியில் வைக்கிறவருக்கு ஜெனரேட்டர்தான் உயிர். ஒரே மண்டபம், ஒரே வாடகை. செலவு மட்டும் மாதத்துக்கு மாதம் வேறு.

"பவர் பேக்கப் உண்டா?" என்று கேட்டால் எல்லா மண்டபத்திலும் "உண்டு" என்றுதான் பதில் வரும். சில இடங்களில் அது வெறும் இன்வெர்ட்டர். நாலு லைட் எரியும், ரெண்டு மின்விசிறி சுற்றும். அவ்வளவுதான். கிரைண்டர் ஓடாது, தண்ணீர் மோட்டார் ஓடாது.

ஜெனரேட்டரே இருந்தாலும் அது எதற்கெல்லாம் கரண்ட் கொடுக்கும்? மேடைக்கும் ஹாலுக்கும் மட்டும் இணைப்பு கொடுத்திருப்பார்கள். சாப்பாட்டுக் கூடம் இருட்டில் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. மண்டபம் பார்க்கப் போகிற அன்று மெயின் சுவிட்சை அணைத்து ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு சமையல் கூடம், சாப்பாட்டுக் கூடம், கழிவறை, மாடி அறை என்று ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். கிரைண்டரைச் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். தயங்குகிற மண்டபத்தில் அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பது நல்லது.

தானாக ஸ்டார்ட் ஆகிற ஜெனரேட்டரா, ஆள் வந்து போட வேண்டுமா என்பதும் முக்கியம். ஆள் போட வேண்டும் என்றால் அந்த ஆள் ராத்திரி எங்கே படுக்கிறார்? மண்டபத்திலா, மூன்று மைல் தள்ளி அவர் வீட்டிலா? விடியற்காலை நாலு மணிக்கு இட்லி மாவு பாதி அரைபடும்போது கரண்ட் போனால், அவரைத் தேடி எந்த யானைக் காட்டு வழியில் போவது?

டீசல் கணக்கு

ஜெனரேட்டரில்தான் பில் பெருக்கும். சில மண்டபங்களில் மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். சில இடங்களில் "டீசல் மட்டும் நீங்க ஊத்திக்குங்க" என்கிறார்கள். எது லாபம்?

இதற்கு ஒரு சுலபமான அளவு உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 3 யூனிட் கரண்ட் கிடைக்கும். நடுத்தர மண்டபத்தில் இருக்கிற 40 கே.வி.ஏ. ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் குடிக்கும். டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 475 ரூபாய். தேய்மானம், ஆயில், ஆள் கூலி எல்லாம் சேர்த்தால் அதற்கு மேலே கேட்பது நியாயம். ஆனால் மணிக்கு 1,500 ரூபாய் கேட்டால் அது டீசல் விலையில் மூன்று பங்கு என்பதையாவது தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்பதில் தகராறு வேண்டாம். ஜெனரேட்டர் பெட்டியிலேயே ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. சாவி வாங்கும்போது ஒரு தடவை, சாவி கொடுக்கும்போது ஒரு தடவை, மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டால் போதும். மின்வாரிய மீட்டருக்கும் இதே முறைதான். அந்த மீட்டரில் கீழே உள்ள கடைகளோ முதலாளி வீடோ சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிட வேண்டும். பல கட்டடங்களில் கீழே கடை, மேலே மண்டபம். கடைக்காரரின் பிரிஜ் ஓடிய கரண்டுக்குக் கல்யாண வீட்டார் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

எச்சில் இலையும் யானையும்

"கிளீனிங் சேர்த்து" என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மண்டபத்தைக் கொடுக்கும்போது கூட்டிக் கழுவிக் கொடுப்பது ஒன்று. விசேஷம் நடக்கும்போது கழிவறையைக் கழுவி, ஹாலைத் துடைத்து, முடிந்ததும் குப்பையை அகற்றுவது இன்னொன்று. முதலாவதை மட்டும் செய்துவிட்டு "சேர்த்து" என்று சொல்வார்கள்.

மழைக்காலத்தில் இரண்டாவதுதான் பெரிய வேலை. 400 பேர் செம்மண் சேற்றை மிதித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். மொசைக் தரை அரை மணி நேரத்தில் வழுக்கும். பட்டுப் புடவையோடு ஒரு பாட்டி விழுந்தால் கல்யாணம் ஆஸ்பத்திரியில் முடியும். மாப் வைத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். அந்த இரண்டு ஆட்கள் யாருடைய கணக்கு?

எச்சில் இலை விவகாரம் இதைவிடப் பெரிது. மற்ற ஊர்களில் இலையை மண்டபத்துக்குப் பின்னால் கொட்டினால் மாடும் நாயும் வரும். கூடலூரில் காட்டுப்பன்றி வரும், கரடி வரும், யானையும் வரும். காட்டோரம் உள்ள மண்டபங்களில் சாப்பாட்டு மிச்சத்தை இரவு முழுக்க வெளியே போட்டு வைப்பது யானைக்குப் பத்திரிகை வைப்பது மாதிரிதான். வாழைத் தண்டும் இலையும் யானைக்குப் பிடித்த தீனி என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். வாசலில் கட்டுகிற குலை வாழையே போதும். உள்ளே நூறு பேர் படுத்திருக்கிறபோது வெளியே யானை நின்றால் கதி?

ஆகையால் வரவேற்பு இரவு குப்பையை அன்றைக்கே எடுப்பார்களா, மறுநாள் மதியம்தான் எடுப்பார்களா என்று கேட்க வேண்டும். குப்பை வண்டிக் கூலி தனியா, சேர்த்தா என்றும் கேட்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை. பிளாஸ்டிக் தம்ளரும் பாட்டில் தண்ணீரும் மண்டபத்தில் சிக்கினால் அபராதம் யார் தலையில்? டிபாசிட்டில்தான் கை வைப்பார்கள். தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளர் மண்டபத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அலங்காரம்: யார் கட்டினால் யார் பொறுப்பு?

"டெக்கரேஷன் ஃப்ரீ" என்றால் பெரும்பாலும் ஒரு திரை, இரண்டு சிம்மாசன நாற்காலி, கொஞ்சம் துணிப் பூ. போட்டோவில் காட்டியது அது இல்லை. எந்தப் போட்டோவோ, அதே போட்டோவின் பின்னால் மேனேஜரின் கையெழுத்தை வாங்கினால் பிரச்சினை இல்லை.

வெளியாள் வைத்து மேடை கட்டினால் சில மண்டபங்களில் "நுழைவுக் கட்டணம்" கேட்கிறார்கள். இது என்ன கூத்து என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. சுவரில் ஆணி அடிக்கிறார்கள், பசையை ஒட்டிவிட்டுப் போகிறார்கள், கண்ட இடத்தில் வயரைச் சொருகுகிறார்கள் என்று மண்டபக்காரர்களும் புலம்புகிறார்கள். அந்த வயர் விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். 2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோதே மண்டப மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. வீடியோ விளக்குக்கு இழுத்த கரண்டில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெளியே போக வழி குறுகலாக இருந்ததால் மாடியிலேயே சிக்கிக்கொண்டார்கள்.

இப்போது கீற்றுக் கொட்டகை குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகத் துணி, தெர்மாகோல், காகிதப் பூ. எல்லாமே பற்றிக்கொள்ளும். அதன் மேலேயே சீரியல் லைட் ஓடுகிறது. எல்.இ.டி. திரை வேறு வந்துவிட்டது. மழைக்காக வாசலில் தார்ப்பாய் கட்டுகிறார்கள். நனைந்த தார்ப்பாய் ஓரமாகவே ஒட்டுப்போட்ட வயர் போகிறது. மேடைக்கென்று தனி பாயிண்ட், தனி டிரிப் சுவிட்ச் இருக்கிறதா? மாடியில் மண்டபம் என்றால் இறங்க இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா? அந்தப் படிக்கட்டில் நாற்காலியை அடுக்கி அடைத்து வைத்திருக்கிறார்களா? வாடகையில் ஆயிரம் குறைக்கப் பேரம் பேசுகிற நேரத்தில் இந்தக் கதவை ஒரு தடவை தள்ளிப் பார்க்கலாம்.

இரண்டு மண்டபம், ஒரு கணக்கு

இனி ஒரு கணக்கைப் பார்க்கலாம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். அவரவர் விசாரித்த தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஆனி மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் வைக்கிறார். 400 பேர். முதல் நாள் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம்.

முதல் மண்டபத்தில் வாடகை 35,000 ரூபாய். காலை 6 முதல் மாலை 6 வரை. இரண்டாவது மண்டபத்தில் 68,000 ரூபாய். மாலை 3 முதல் மறுநாள் மாலை 3 வரை. கேட்டவுடனே யாரும் முதல் மண்டபத்துக்குத்தான் ஓடுவார்கள்.

முதல் மண்டபத்தில் முதல் நாள் சாயங்காலத்துக்கும் ராத்திரிக்கும் அரை வாடகை, 17,500. ஆக 52,500 ஆயிற்று. கரண்ட் 200 யூனிட், யூனிட்டுக்கு 20 ரூபாய் வீதம் 4,000. வரவேற்பு அன்று இரவு 7 மணிக்கு மரம் விழுந்து, 1 மணிக்குத்தான் கரண்ட் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் 6 மணி நேரம், மணிக்கு 1,500 வீதம் 9,000. சுத்தம் செய்ய 4,000. குப்பை வண்டிக்கு 1,500. வெளி அலங்காரக்காரர் நுழைய 3,000. இரண்டு அறைதான் இலவசம். தங்குகிற உறவுக்காரர்களுக்காக இன்னும் இரண்டு அறை, 2,000. மொத்தம் 76,000!

இரண்டாவது மண்டபத்தில் 150 யூனிட் வரை கரண்ட் வாடகையிலேயே அடக்கம். மீதி 50 யூனிட்டுக்கு 1,000. ஜெனரேட்டர் 4 மணி நேரம் இலவசம். மீதி 2 மணி நேரத்துக்கு டீசல் மட்டும், 10 லிட்டர், 950 ரூபாய். சுத்தம், குப்பை, நாலு அறை எல்லாம் அடக்கம். வெளியாள் மேடை கட்டக் கட்டணம் இல்லை. மொத்தம் 69,950.

இரு மடங்கு வாடகை சொன்ன மண்டபம் 6,050 ரூபாய் மலிவு!

அதற்காக "எல்லாம் சேர்த்து" என்கிற மண்டபம்தான் எப்போதும் மலிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜனவரி மாதத்தில் பகல் கல்யாணம் நடத்துகிற இன்னொரு குடும்பத்தைப் பாருங்கள். காலையில் வந்து மூன்று மணிக்குப் போய்விடுவார்கள். முதல் மண்டபத்தில் அவர்களுக்கு வாடகை 35,000, கரண்ட் 120 யூனிட்டுக்கு 2,400, சுத்தம் 4,000, குப்பை 1,500, அலங்கார நுழைவு 3,000. மொத்தம் 45,900. ஜெனரேட்டரே ஓடவில்லை. இவர்கள் இரண்டாவது மண்டபத்துக்குப் போயிருந்தால் 68,000 கொடுத்து, தங்காத அறைக்கும் ஓடாத ஜெனரேட்டருக்கும் 22,100 ரூபாய் அதிகம் அழுதிருப்பார்கள்.

ஜி.எஸ்.டி.யைக் கேட்டாச்சா?

கடைசியில் இடிக்கிற இடம் இது. மண்டப வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். "வரி தனி" என்று ஒரு சின்ன வரி ரசீதின் அடியில் இருந்தால், 76,000 பில்லுக்கு 13,680 ரூபாய் கூடிவிடும். சொன்ன வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை முதல் நாளே கேட்க வேண்டும்.

எல்லா மண்டபமும் வரி வாங்க முடியாது. ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்குள் உள்ள சேவைத் தொழில்காரர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாதவர் வரி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது. வரி கேட்டால் 15 எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கொடுக்க வேண்டும். "பில் வேணாம்னா வரி வேணாம்" என்பவரிடம் வரியை மிச்சம் பிடித்தால், நாளைக்குத் தகராறு வரும்போது கையில் காகிதம் இருக்காது.

மண்டபக்காரர்களும் பேசட்டும்

மண்டபக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. மூன்று மணிக்குக் காலி செய்வதாகச் சொன்னவர்கள் ஐந்து மணி வரை போட்டோ எடுக்கிறார்கள். அடுத்த பார்ட்டி வாசலில் நிற்கிறது. நாற்காலியை உடைக்கிறார்கள். கரண்டி, அண்டா காணாமல் போகிறது. மாடி அறையில் பாட்டில் உருள்கிறது. மழைக்காலத்தில் மண்டபம் பல நாள் பூட்டியே கிடக்கும், வாட்ச்மேன் சம்பளம் மட்டும் ஓடும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரி. அதற்காகத்தான் எழுதி வைக்கச் சொல்வது. மூன்று மணிக்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதியிருந்தால் போட்டோக்காரர் சீக்கிரம் முடிப்பார். எத்தனை கரண்டி, எத்தனை அண்டா என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் டிபாசிட்டில் சண்டை வராது.

ஓட்டலில் இட்லி விலையை எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாலு இட்லிக்கே போர்டு இருக்கும்போது, முக்கால் லட்ச ரூபாய் மண்டபத்துக்கு ஏன் போர்டு இல்லை? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கரண்ட் யூனிட் என்ன விலை, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, எதெதற்கு இணைப்பு, சுத்தமும் குப்பையும் யார் செலவு, வெளி அலங்காரத்துக்கு என்ன கட்டணம், வரி சேர்த்தா தனியா. இதை ஆபீஸ் சுவரில் எழுதி மாட்ட ஒரு தகரம் போதும். கூடலூர் நகராட்சி இதைக் கட்டாயமாக்க வேண்டும். மண்டபக்காரர்கள் தாங்களாகவே செய்தால் இன்னும் நல்லது. நியாயமாக நடத்துகிறவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. வாடகையைக் குறைத்துச் சொல்லி ஆளை இழுக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

போர்டு வரும் வரை ரசீதுதான் கதி. இப்போது பல இடங்களில் கொடுக்கிற அட்வான்ஸ் ரசீதில் பெயர், தேதி, தொகை தவிர ஒன்றும் இருக்காது. அதன் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். பேசிய எல்லாவற்றையும் அங்கேயே எழுதி, மேனேஜரின் கையெழுத்தையும் மண்டப சீலையும் வாங்கிவிடலாம். பத்து நிமிட வேலை.

அப்படியும் பில்லில் புது வரிகள் முளைத்தால் வழி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீலகிரிக்கு அது ஊட்டியில் இருக்கிறது. வழக்கு போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வக்கீல் வைக்காமலே வாதாடலாம். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோ மீட்டர், நடுவட்டம் வழியாக மலை ஏற வேண்டும். பஸ் ஏறும்போது அந்த ரசீது, கடைசி பில், இரண்டு மீட்டர்களிலும் முன்னும் பின்னும் குறித்த அளவு, இவ்வளவும் பையில் இருக்க வேண்டும்.